நெற்குதிரின் படமும் கணக்கும்



அறுவடை முடிந்து 5,500 கிலோ நெல்லைக் களத்திலிருந்து வீட்டிற்குக் கொண்டுவரப்போகும் ஒரு குடியானவர், அதனை எலிக்கும் ஈரத்திற்கும் இரையாக்காமல் காக்க, துத்தநாகம் பூசிய இரும்புத் தகட்டினால் ஒரு குதிர் செய்விக்க எண்ணுகிறார் எனக் கொள்க. அவர் கையில் ஒரு படம் இருக்கிறது. வட்டமான நேர்ச்சுவரும், அதன்மேல் கூம்பு வடிவான கூரையும், கூரையின் உச்சியில் நெல் கொட்டும் வாயும், கீழே தட்டையான அடித்தகடும் உடையது அக்குதிர். அவருக்குத் தெரியவேண்டியவை இரண்டே: தகடு எவ்வளவு வாங்குவது? நெல் முழுவதும் அதில் அடங்குமா?

படத்தில் மூன்று அளவுகளே குறிக்கப்பட்டுள்ளன. அடியின் குறுக்களவு 2,400 மில்லிமீட்டர் என்றும், தரையிலிருந்து கூரையின் உச்சி வரை 2.5 மீட்டர் என்றும், கூரையின் சரிவு ஓரத்தில் 130 சென்டிமீட்டர் என்றும் எழுதப்பட்டிருக்கின்றன. சுவரின் உயரம் எங்கும் இல்லை. கூரையின் உயரமும் இல்லை. எழுதியுள்ள மூன்றும் மூன்று வெவ்வேறு அலகுகளில் உள்ளன. கணக்கிற்கு வேண்டியவை யாவும் இம்மூன்றிலேயே அடங்கியிருக்கின்றன. ஆனால் அவற்றை முறைப்படி வெளிக்கொணர வேண்டும். 

முதற்காரியம், பெருக்கல் எதுவும் தொடங்குமுன் எல்லா நீளங்களையும் ஒரே அலகிற்கு மாற்றுவதாகும். மீட்டரில் கொண்டால், குறுக்களவு 2.4, மொத்த உயரம் 2.5, கூரைச் சரிவு 1.3. இதனை முதலிலேயே செய்துவிட வேண்டியதன் காரணம் யாதெனில், நீளத்தில் ஒரு மீட்டருக்கு 100 சென்டிமீட்டர் என்றாலும், பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு 10,000 சதுர சென்டிமீட்டரும், கொள்ளளவில் ஒரு கன மீட்டருக்குப் பத்து லட்சம் கன சென்டிமீட்டரும் ஆகின்றன. சென்டிமீட்டரில் பெருக்கிக் கிடைத்த பரப்பைக் கடைசியில் நூறால் வகுத்தவருக்கு, வரவேண்டிய விடையைப்போல் நூறு மடங்கு வரும். முதலிலேயே மாற்றிக்கொண்டவருக்கு இந்த இடர் இல்லை.

இரண்டாவது காரியம், படத்தில் எழுதப்படாத நீளங்களைக் காண்பது. குறுக்களவில் பாதி 1.2 மீட்டர், அதுவே ஆரம். கூரையை உச்சியிலிருந்து செங்குத்தாக நடுவில் பிளந்ததாக எண்ணிப் பார்த்தால், ஒவ்வொரு பாதியிலும் ஒரு செங்கோண முக்கோணம் தோன்றும். அதன் அடி ஆரம். நிமிர்ந்த பக்கம் கூரையின் உயரம். சாய்ந்த பக்கம் சரிவு. சரிவின் வர்க்கமாகிய 1.69 இலிருந்து ஆரத்தின் வர்க்கமாகிய 1.44 ஐக் கழிக்க, எஞ்சுவது 0.25. அதன் வர்க்கமூலம் 0.5. ஆகவே கூரையின் உயரம் அரை மீட்டர். மொத்த உயரம் 2.5 மீட்டரில் இதனைக் கழிக்க, சுவரின் உயரம் 2 மீட்டர் எனக் கிடைக்கிறது.

இவ்விடத்தில்தான் அநேகர் தவறுகின்றனர். சரிவின் அளவாகிய 1.3 ஐயே கூரையின் உயரமென்று கொண்டுவிடுகின்றனர். அவ்வாறு கொண்டால் சுவருக்கு 1.2 மீட்டரே எஞ்சும். குதிரின் கொள்ளளவு ஏறத்தாழ 2.4 கன மீட்டர் குறைந்து காணும். இத்தவற்றைக் கண்டுகொள்ள எளிய வழி உண்டு. ஒரு தாளில் மீட்டருக்குப் பத்து சென்டிமீட்டர் வீதம் தாமே ஒரு படம் வரைந்து, கூரையின் ஓரத்தை அளவுகோலால் அளந்து பார்க்கவேண்டும். சரியான கணக்கில் அது 13 சென்டிமீட்டர் இருக்கும். தவறான கணக்கில் 17 சென்டிமீட்டருக்கும் மேலாகிவிடும். கொடுத்த படத்தோடு ஒவ்வாது.

இனித் தகட்டின் கணக்கு. குதிரைத் தொட்டு உணரக்கூடிய முகங்களை மட்டுமே எண்ணவேண்டும். அவை மூன்று: சுற்றுச்சுவர், கூரை, அடித்தகடு. சுவரும் கூரையும் சந்திக்கும் இடத்தில் தகடு ஏதுமில்லை. அது வெறும் வாய். ஆனால் உருளையைத் தனியாகவும் கூம்பைத் தனியாகவும் பாடப்புத்தகச் சூத்திரத்தால் கணக்கிட்டுக் கூட்டுகிறவர், உருளையின் மேல்வட்டத்தையும் கூம்பின் அடிவட்டத்தையும் தம்மையறியாமல் சேர்த்துவிடுகிறார். ஒரு வட்டம் 4.52 சதுர மீட்டர். இரண்டும் சேர்ந்து 9.05 சதுர மீட்டர். இல்லாத தகட்டிற்கு இவ்வளவு பணம் வீணாகும்.

சரியான கணக்கு இவ்வாறு அமையும். சுற்றுச்சுவரை ஒருபுறம் வெட்டி விரித்தால் அது ஒரு நீண்ட சதுரம். அதன் நீளம் குதிரின் சுற்றளவாகிய 7.54 மீட்டர்; அகலம் 2 மீட்டர்; பரப்பு 15.08 சதுர மீட்டர். கூரையை விரித்தால், 1.3 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் ஒரு சிறு ஆப்பு வெட்டி நீக்கிய வடிவம் தோன்றும். அதன் பரப்பு, ஆரத்தையும் சரிவையும் பெருக்கி 3.1416 ஆல் பெருக்கியதாகும், அதாவது 4.90 சதுர மீட்டர். அடித்தகடு 4.52 சதுர மீட்டர். மூன்றும் கூட 24.50 சதுர மீட்டர். வெளியே வர்ணம் பூசுவதற்கோ அடித்தகட்டை விட்டுவிட வேண்டும். அப்பொழுது பரப்பு 19.98 சதுர மீட்டரே.

எனினும் கடையில் தகடு சதுர மீட்டரில் விற்கப்படுவதில்லை. 8 அடி நீளமும் 4 அடி அகலமும் உள்ள தகடு கிடைப்பதாகக் கொண்டால், அது 2.44 மீட்டருக்கு 1.22 மீட்டர், அதன் பரப்பு 2.97 சதுர மீட்டர். சுவரின் 15.08 ஐ இதனால் வகுத்து, ஐந்துக்குச் சற்று மேல் வருகிறது, ஆறு தகடுகள் போதும் என்று முடிவு செய்தல் கூடாது. தகடுகளை நிமிர்த்தி வைத்துச் சுவர் எடுக்கும்போது, ஆறு தகடுகளின் அகலம் 7.32 மீட்டரே ஆகிறது. சுற்றளவுக்கு 22 சென்டிமீட்டர் குறைகிறது. தகட்டோடு தகடு சேர்க்கும் மடிப்பிற்கோ ஒன்றுமே இல்லை. ஆகவே சுவருக்கு மட்டும் ஏழு தகடுகள் வேண்டும். பரப்பு சரியாக இருந்தாலும் துண்டுகள் பொருந்தாமற்போகலாம் என்பதற்கு இதுவே சான்று. 

இப்பொழுது நெல்லின் கணக்கிற்கு வருவோம். அடிவட்டத்தின் பரப்பாகிய 4.524 ஐச் சுவரின் உயரமாகிய 2 ஆல் பெருக்க, உருளைப் பகுதியின் கொள்ளளவு 9.05 கன மீட்டர். கூம்பின் கொள்ளளவு அதே அடியும் உயரமும் உள்ள உருளையில் மூன்றில் ஒரு பங்கு, அஃது 0.75 கன மீட்டர். மொத்தம் 9.80 கன மீட்டர். ஒரு கன மீட்டர் நெல், ரகத்தையும் ஈரத்தையும் பொறுத்து, ஏறத்தாழ 550 முதல் 600 கிலோ நிறையுள்ளது. நடுவான 575 கிலோவை எடுத்துக்கொண்டால், குதிர் 5,630 கிலோவுக்குச் சற்று மேலாகவே கொள்ளும் என்று தோன்றும். 5,500 கிலோ உடைய குடியானவர் மனநிறைவோடு படத்தைக் கொல்லரிடம் கொடுத்துவிடுவார்.

ஆனால் நெல் தண்ணீரைப்போல் மட்டமாகப் பரவுவதில்லை. உச்சி வாயிலிருந்து கொட்டும்போது அது நடுவே குவிந்து, தனக்கே உரிய ஒரு சரிவில் நிற்கிறது. உலர்ந்த நெல்லின் குவியல் ஏறத்தாழ 35 பாகைச் சரிவு கொள்ளும்; அதாவது குவியலின் உயரம், அதன் அடிவட்ட ஆரத்தில் பத்தில் ஏழு பங்கு இருக்கும். கூரையின் உயரமோ ஆரத்தில் பத்தில் நான்கு பங்கிற்குச் சற்று அதிகம், அவ்வளவே. கூரையைவிடக் குவியல் செங்குத்தானது. ஆகையால் குவியலின் முனை உச்சி வாயைத் தொட்டு, இனி ஒரு மரக்கால் கூடக் கொட்ட இயலாத நிலை வரும்போது, சுவரோரத்தில் சுற்றிலும் வெற்றிடம் இருந்துகொண்டேயிருக்கும்.

அவ்வெற்றிடம் எவ்வளவு? ஆரம் 1.2 மீட்டருக்குக் குவியலின் உயரம் 0.84 மீட்டர். உச்சியின் 2.5 மீட்டரில் இதனைக் கழிக்க, நெல் சுவரைத் தொடும் இடம் 1.66 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஆகவே நெல்லின் உருவமும் ஓர் உருளையும் கூம்பும் சேர்ந்ததே. ஆனால் அது குதிரின் உருவம் அன்று. 1.66 உடன், 0.84 இன் மூன்றிலொரு பங்காகிய 0.28 ஐக் கூட்டினால் 1.94. அதனை 4.524 ஆல் பெருக்க 8.78 கன மீட்டர். நிறை ஏறத்தாழ 5,050 கிலோ. ஆக, 450 கிலோ நெல் வெளியே தரையில் கிடக்கும். வாயினுள் கோல் விட்டு நெல்லை ஓரத்திற்குத் தள்ளிச் சுவரின் விளிம்பு வரை மட்டமாக்கினாலும் 5,200 கிலோவே அடங்கும்.

குடியானவர் செய்யத்தக்கது யாது? அவருக்கு வேண்டியது 5,500 ஐ 575 ஆல் வகுத்தால் வரும் 9.57 கன மீட்டர். குறைவது 0.79 கன மீட்டர். அதனை அடிப்பரப்பு 4.524 ஆல் வகுக்க, 17 சென்டிமீட்டருக்குச் சற்று மேல். சுவரை 20 சென்டிமீட்டர் உயர்த்தினால் குவியலாகக் கொட்டியே 5,560 கிலோ அடங்கும். சுவருக்காக நிமிர்த்தி வைக்கும் தகடோ 2.44 மீட்டர் நீளமுள்ளது. 2 மீட்டருக்கு வெட்டினால் 44 சென்டிமீட்டர் துண்டாக வீணாகும். 2.2 மீட்டருக்கு வெட்டினால் அதே ஏழு தகடுகள் போதும். மேலும் கீழும் மடிப்பதற்கும் மிச்சம் உண்டு. தகட்டிற்குக் கூடுதலாக ஒரு காசும் செலவில்லை. உயர்த்திய சுவருக்கு ஏற்ற தகட்டின் கனத்தை மட்டும் கொல்லரிடம் கேட்டு முடிவு செய்தல் வேண்டும்.

575 கிலோ என்பதும், பத்தில் ஏழு பங்கு என்பதும் எல்லா நெல்லுக்கும் ஒன்றாக அமைவன அல்ல. ஆகையால் ஒவ்வொருவரும் தம் நெல்லைக் கொண்டே சோதித்துக்கொள்ளலாம். நீளம், அகலம், ஆழம் மூன்றும் 50 சென்டிமீட்டர் உள்ள பெட்டியொன்றில் நெல்லை நிரப்பி நிறுத்து, அந்நிறையை எட்டால் பெருக்கினால் ஒரு கன மீட்டரின் நிறை கிடைக்கும். அதே நெல்லை மட்டமான தரையில் ஒரே இடத்தில் மெல்லக் கொட்டிக் குவித்து, குவியலின் உயரத்தையும் அடியின் பாதிக் குறுக்களவையும் அளந்தால் சரிவு தெரியும். ஈரமுள்ள நெல் இன்னும் செங்குத்தாக நிற்கும். அதற்கேற்பக் குதிரில் வெற்றிடமும் மிகும். இவ்விரண்டு அளவுகளையும் படத்தின் ஓரத்தில் குறித்துக்கொண்டு, சுவரின் உயரத்தை அவற்றைக்கொண்டு முடிவு செய்த பின்னரே தகட்டை வெட்டச் சொல்லவேண்டும்.