கூப்பிட்ட பெயரும் எழுதிய பெயரும்
(பொன்விழா இலக்கிய அமர்வில் ஆற்றிய உரை)



நாங்கள் நான்கு பேர். நான்கு பேருமே வியாபாரிகள். பலதுறைத் தொழிற்கல்லூரியில் படித்துவிட்டுக் கடைக்கு வந்தவர்கள். வாரத்தில் ஓர் இரவு கடை அடைத்த பிறகு ஒன்றாக உட்கார்ந்து ஒரு நாவலை எழுதிக்கொண்டிருக்கிறோம். களம் பினாங்கு, சூலியா தெரு. காலம் 1938 முதல் ஜப்பானியர் வந்த 1941 டிசம்பர் வரை. அந்த நாவலின் மாந்தருக்குப் பெயர் வைப்பதைப் பற்றி மட்டும் இன்று பேசுகிறோம்.

சிக்கலை முதலில் சொல்லிவிடுகிறோம். நம் சமுதாயத்தில் அந்தக் காலத்துக்குப் பொருத்தமான பெயர்களை உண்மையாக எழுதினால் வாசகருக்கு ஆளைப் பிரித்துப் பார்க்க முடியாது. ஒரே கடையில் அப்துல் காதர், அப்துல் கபூர், அப்துல் ரகுமான், அப்துல் ரசாக்கு என்று நான்கு பேர் இருந்திருப்பார்கள். அடுத்த கடையில் முகம்மது காசிம், முகம்மது இசுமாயில், முகம்மது அனிபா. போதாததற்குப் பாட்டனார் பெயரைப் பேரனுக்கு வைப்பது வழக்கம். அண்ணன் பிள்ளைக்கும் தம்பி பிள்ளைக்கும் ஒரே பாட்டனார் பெயர்தான். கிடங்கில் இரண்டு சரக்குக்கு ஒரே மாதிரிக் குறி போட்டால் என்ன ஆகும் என்பது இங்கே உள்ள வியாபாரிகளுக்குத் தெரியும். நாவலிலும் அதுதான் ஆகும்.

இதற்குப் பயந்து சிலர் காலத்தையே விட்டுவிடுகிறார்கள். 1938இல் ஐம்பது வயதுக்காரருக்கு இன்றைய மழலைப் பள்ளிக் குழந்தையின் பெயரை வைக்கிறார்கள். ஆள் தனியாகத் தெரிகிறார், ஆனால் அந்தத் தெருவில் அவர் நடக்கவில்லை. இரண்டு பக்கமும் நட்டம் வராமல் என்ன செய்வது?

விடை அந்தத் தெருவிலேயே இருக்கிறது. ஒரே பெயரில் நான்கு பேர் வேலை பார்த்த கடையில் அவர்கள் குழம்பவில்லை. ஏனென்றால் பதிவில் எழுதிய பெயர் வேறு, கூப்பிட்ட பெயர் வேறு. பினாங்கில் 1801ஆம் ஆண்டிலிருந்து நிற்கும் பள்ளிவாசலை எடுத்துக்கொள்ளுங்கள். அதை நிறுவியவர் காதர் மொய்தீன். ஊரெல்லாம் சொல்வது கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். பதவிப் பெயர்தான் நிலைத்தது. ஆகவே நாங்கள் வைத்துக்கொண்ட விதி இது: எழுதிய பெயர் காலத்தைக் காட்டட்டும், கூப்பிட்ட பெயர் வாசகருக்கு வழி காட்டட்டும்.

முதலில் காலம். பெயரைக் கதை நடக்கும் ஆண்டோடு ஒட்டக் கூடாது, மாந்தர் பிறந்த ஆண்டோடு ஒட்ட வேண்டும். எங்கள் முதலாளிக்கு 1938இல் வயது ஐம்பத்தைந்து. பிறந்தது 1883. அவருக்கு அந்த நாளுக்குரிய பெயர் வேண்டும். கடைப் பையனுக்கு வயது பதினான்கு. பிறந்தது 1924. துருக்கியில் முஸ்தபா கமால் வெற்றி பெற்ற செய்தி 1922இல் பரவியது. அதன் பிறகு நம்மவர்கள் பிள்ளைகளுக்குக் கமால் பாட்சா என்று பெயர் வைத்தார்கள். ஆகவே பையன் கமால் பாட்சா ஆகலாம், முதலாளி ஆக முடியாது. ஜின்னா, பைசல், சதாம் போன்ற பெயர்களுக்கும் இந்தக் கணக்குத்தான். அந்தத் தலைவர் புகழ்பெற்ற நாளுக்கு முன் பிறந்தவருக்கு அந்தத் தலைவரை நினைத்து அந்தப் பெயரை வைத்திருக்க முடியாது. பின்னால் எப்போதும் வைக்கலாம். இன்னொன்றும் உண்டு. மகனுக்குக் கமால் பாட்சா என்று பெயர் வைத்த தகப்பனார் பத்திரிகை படிப்பவர், அல்லது படிப்பவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பவர். பெயரிலேயே குடும்பத்தின் நிலை கொஞ்சம் வந்துவிடுகிறது.

எழுத்துக்கூட்டலும் காலம் சொல்லும். சிங்கப்பூரில் 1887இல் தொடங்கிய ‘சிங்கை நேசன்’ பத்திரிகையின் ஆசிரியர் மகுதூம் சாயபு. இன்று அதே பெயரை மக்தூம் என்றும் சாஹிப் என்றும் எழுதுகிறோம். உமறுப் புலவரின் ‘உமறு’ இன்று உமர் ஆகிவிட்டது. மைதீன், மொய்தீன், முகைதீன் எல்லாம் ஒரே பெயர்தான். பழைய தலைமுறைக்கு இபுராகிம், அடுத்த தலைமுறைக்கு இப்ராஹிம் என்று எழுதினால் ஒரு வரி விளக்கமும் இல்லாமல் வயது தெரிந்துவிடும். ஒன்றில் மட்டும் கண்டிப்பு வேண்டும். ஒருவருக்கு ஒரு எழுத்துக்கூட்டல் என்று முடிவு செய்தால் கடைசிப் பக்கம் வரை அதுதான். பத்தாம் பக்கத்தில் மைதீன், நாற்பதாம் பக்கத்தில் முகைதீன் என்று வந்தால் வாசகர் இரண்டு ஆள் என்றே நினைப்பார்.

அடுத்தது ஊர். இங்கே ஓர் எச்சரிக்கை. பெயரை மட்டும் வைத்து ஊரைக் காட்ட முடியாது. சாகுல் ஹமீது என்றால் நாகூர் என்று தோன்றும். ஆனால் நாகூர் ஆண்டவர் பெயரால் நேர்ந்துகொண்டு அந்தப் பெயரை எல்லா ஊரிலும் வைத்தார்கள். ஊரைக் காட்டுவது பட்டமும் முறைப்பெயரும்தான். கடற்கரை வணிகக் குடும்பம் என்றால் மரைக்காயர். மதுரை, திண்டுக்கல் போன்ற உள்நாட்டுப் பக்கம் என்றால் ராவுத்தர். அண்ணனை நாகூரில் நானா என்பார்கள், கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் காக்கா என்பார்கள். தகப்பனாரைக் கடற்கரையில் வாப்பா என்பார்கள், ராவுத்தர் வீட்டில் அத்தா என்பார்கள். பெயர், பட்டம், முறைப்பெயர் மூன்றில் இரண்டாவது ஒரே ஊரைக் காட்டினால் போதும்.

தோப்பில் முகம்மது மீரானின் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’யில் வடக்கு வீட்டு அகமதுகண்ணு முதலாளி வருகிறார். அந்தப் பெயரைப் பிரித்துப் பாருங்கள். ‘வடக்கு வீடு’ குடும்பத்தைக் காட்டுகிறது. ‘கண்ணு’ என்ற ஒட்டு தென்கோடிக் கடற்கரையைக் காட்டுகிறது. ‘முதலாளி’ செல்வாக்கைக் காட்டுகிறது. அகமது என்ற பெயர் எங்கும் உள்ளது. அதைத் தனி ஆளாக்கியது அதற்கு முன்னும் பின்னும் நிற்கும் சொற்கள்தாம்.

இனி எங்கள் கடையைப் பார்ப்போம். முதலில் எல்லாருக்கும் எழுதிய பெயரைப் போட்டோம். முதலாளி, நாகூர்க்காரர், செய்யது முகம்மது மரைக்காயர். கடையை நடத்தும் அவருடைய அண்ணன் மகன், அப்துல் காதர். கணக்கப்பிள்ளை, கீழக்கரைக்காரர், முகம்மது சதக்கத்துல்லா. சமையல்காரர், திண்டுக்கல் பக்கம், பக்கீர் முகம்மது ராவுத்தர். கடைப் பையன், கமால் பாட்சா. நாகூரில் இருக்கும் மனைவி, கதீசா பீவி. பினாங்கில் மணம் செய்த ஜாவி பெரானக்கான் மனைவி, மரியம்.

காலத்துக்கும் ஊருக்கும் எல்லாம் பொருந்தும். ஆனால் மூன்று பெயரில் முகம்மது. காதர், கமால், கதீசா மூன்றும் ககரத்தில் தொடங்குகின்றன. மரைக்காயருக்கும் மரியத்துக்கும் முதல் எழுத்து ஒன்று, இரண்டாவதும் ரகர வரிசைதான். வேகமாகப் படிக்கிறவர் பெயரை முழுதாகப் படிப்பதில்லை. முதல் எழுத்தையும் நீளத்தையும் பார்த்துத் தாண்டிப் போகிறார். அவர் தடுக்குகிற இடம் இதுதான்.

ஆகவே கூப்பிடும் பெயருக்கு வந்தோம். முதலாளியைக் கடையில் யாரும் பெயர் சொல்ல மாட்டார்கள். அவர் வெறும் மரைக்காயர். அண்ணன் மகனின் பெயரை இபுராகிம் என்று மாற்றினோம். காலம், ஊர் எதுவும் கெடவில்லை. அவர் இபுராகிம் நானா. கணக்கப்பிள்ளை சதக்குக் காக்கா. நானாவும் காக்காவும் ஒரே கடையில் இருப்பதால் இருவர் ஊரும் தனித்தனி என்று ஒவ்வொரு உரையாடலிலும் வாசகர் காதில் விழும். சமையல்காரர் பெயரைப் பிச்சை ராவுத்தர் ஆக்கினோம். முன்பு பிறந்த பிள்ளைகள் தங்காத வீட்டில் அடுத்த பிள்ளைக்குப் பிச்சை என்று பெயர் வைப்பார்கள். அரபுப் பெயர் இல்லாமல் தமிழ்ப் பெயரில் ஒருவர் வருவது கண்ணுக்கும் இளைப்பாறுதல். நாகூர் மனைவி ஆமினா. பினாங்கு மனைவி ஹலீமா. ‘ஹ’ என்ற எழுத்தில் தொடங்கும் பெயரை அவர் ஒருவருக்கு மட்டும் வைத்தோம். மலாய் கலந்த வீட்டின் ஓசை அந்த ஓர் எழுத்தில் வந்துவிடுகிறது.

இப்போது ம, இ, ச, பி, க, ஆ, ஹ என்று ஏழு பேருக்கும் ஏழு தொடக்கம். பிறகு ஒரு சோதனை. கதை தெரியாத ஒருவரிடம் முதல் அத்தியாயத்தைக் கொடுத்தோம். படிக்கும்போது எங்கே பக்கத்தைப் பின்னால் புரட்டுகிறார் என்று பார்த்துக் குறித்தோம். முடித்ததும் யார் யார் வந்தார்கள் என்று சொல்லச் சொன்னோம். பெயரைச் சொல்லாமல் ‘அந்தக் கணக்கு எழுதுகிறவர்’ என்று சொன்னால் பெயர் பதியவில்லை என்று பொருள். பின்னால் புரட்டிய இடத்தில் புதுப் பெயர் ஒன்று மிக வேகமாக நுழைந்திருக்கும். அதற்குப் பெயரை மாற்ற வேண்டியதில்லை. அந்த ஆளை ஒரு பக்கம் தள்ளி உள்ளே விட்டால் போதும்.

எழுதிய பெயர்களை நாங்கள் தூக்கி எறியவில்லை. ஊரிலிருந்து வரும் கடிதத்தின் உறையில், கடைப் பத்திரத்தில், நிக்காஹ் பதிவில் முழுப்பெயர் வரும். அங்கே முதல் தடவை வரும்போது பக்கத்தில் கூப்பிடும் பெயரும் வந்தாக வேண்டும். சில இடத்தில் பெயரே வராது. மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்ல மாட்டார். அந்தப் பெயரையே பிள்ளைக்கு வைத்திருந்தால் பிள்ளையைச் ‘சின்ன வாப்பா’ என்றோ ‘ராஜா’ என்றோ அழைப்பார். பாட்டனும் பேரனும் ஒரே பெயரில் இருக்கும் குழப்பத்தை நம் வீட்டுப் பெண்கள் என்றோ தீர்த்துவிட்டார்கள். எழுத்தாளர் அதைக் கேட்டு எழுதினால் போதும்.

கடைசியாக உங்களிடம் ஒரு வேண்டுகோள். எழுதிய பெயரை நாங்களே தேடிக்கொள்வோம். 1935இல் தொடங்கிய தமிழ் முரசின் பழைய இதழ்கள் தேசிய நூலகத்தின் இணையக் காப்பகத்தில் உள்ளன. அடக்கத்தலத்துக் கற்கள் இருக்கின்றன. நம் சங்கத்தின் முதல் ஆண்டு உறுப்பினர் பட்டியல் இருக்கிறது. ஆனால் அந்தப் பட்டியலில் ஒரே பெயரில் இருக்கும் மூன்று பேரை எப்படிப் பிரித்துக் கூப்பிட்டார்கள் என்பது எந்தத் தாளிலும் இல்லை. அது இந்த அவையில் முன் வரிசையில் இருக்கும் பெரியவர்களின் நினைவில் மட்டும் இருக்கிறது. தேநீர் இடைவேளையில் பட்டியலின் நகலை மேசையில் வைக்கிறோம். தெரிந்த பெயருக்கு எதிரே, அவரை நீங்கள் எப்படி அழைத்தீர்கள் என்று எழுதிவிட்டுப் போங்கள்.