எண்ணெய்த் தாச்சியில் மூளும் தீ

தீயைக் கண்டவுடன் தண்ணீரைத் தேடுவது மனிதருக்குப் பழகிப்போன வழக்கம். வேலி பற்றினாலும், ஓலைக் கூரை பற்றினாலும், கிணற்றடிக்கு ஓடுவதே முறையென்று தலைமுறை தலைமுறையாகக் கற்று வந்திருக்கிறார்கள். பெரும்பாலான வேளைகளில் அவ்வழக்கம் நன்மையே செய்கிறது. ஆனால் அடுப்பின்மேல் இருக்கும் எண்ணெய்த் தாச்சியில் மூளும் தீக்கு அது சிறிதும் பொருந்தாது. அங்கே ஊற்றப்படும் ஒரு கோப்பைத் தண்ணீர், தாச்சிக்குள் அடங்கி எரிந்துகொண்டிருந்த தீயை இமைப்பொழுதில் முகடு வரை எழுப்பிவிடும். ஊற்றியவரின் முகமும் கைகளும் அத்தீயின் நடுவே அகப்பட்டுக்கொள்ளும்.

இது ஏன் என்பதை விளங்கிக்கொள்ள, பலகாரம் சுடும்போது தாச்சியில் நிகழ்வதைச் சற்றுக் கவனித்தாற் போதும். காய்ந்த எண்ணெயில் வடையை இட்டவுடன் சளசளவென்று நுரை பொங்குகிறது. எண்ணெய் கொதிக்கிறது என்று சொல்வது வழக்கம். உண்மையில் அங்கே கொதிப்பது எண்ணெயன்று. மாவிலுள்ள நீர்தான் ஆவியாகிக் குமிழி குமிழியாக வெளியேறுகிறது. நீர் 100 பாகை செல்சியஸில் கொதித்துவிடும். வடை பொரியும் எண்ணெயோ ஏறத்தாழ 180 பாகையில் இருக்கிறது. ஈரக்கையிலிருந்து ஒரு துளி நீர் அதில் விழுந்தாலே வெடித்துத் தெறிப்பதும் இதனாலேயே.

பலகாரம் தாச்சிக்குள் இருக்கும்வரை அடுப்பின் வெப்பத்திற் பெரும்பகுதி மாவிலுள்ள நீரை ஆவியாக்குவதிற் செலவாகிறது. ஆகவே எண்ணெயின் சூடு ஓர் அளவில் நிற்கிறது. ஆபத்து தொடங்குவது பலகாரத்தை வடித்தெடுத்த பிறகுதான். அடுத்த ஈட்டுக்கு மாவைப் பிழிந்துகொண்டிருக்கும் வேளையிலோ, கடைசி ஈட்டை எடுத்துவிட்டு அடுப்பை அணைக்க மறந்த வேளையிலோ, வெறும் எண்ணெயின் சூடு தடையின்றி ஏறிக்கொண்டே போகிறது. முதலில் எண்ணெய் மிக இளகி, மேற்பரப்பு மினுமினுக்கும். பின்னர் மெல்லிய நீலப்புகை எழும். கண்ணையும் தொண்டையையும் கரிக்கும் காரநெடி வீசும். அதுவே எண்ணெய் தரும் எச்சரிக்கை. அந்நேரத்தில் அடுப்பை அணைத்துவிட்டால் தீ மூளாது. அணைக்காது விட்டால், எண்ணெயிலிருந்து எழும் ஆவி தாச்சியின் விளிம்பைக் கடந்து அடுப்புச் சுடரிற் பற்றிக்கொள்ளும். சுடரே இல்லாத மின்னடுப்பிலும் எண்ணெய் தப்பிவிடாது. ஏறத்தாழ 350 பாகையை எட்டியதும் அது தானாகவே தீப்பற்றும்.

இவ்வாறு எரியும் எண்ணெயில் தண்ணீரை ஊற்றினால் என்ன ஆகும்? தண்ணீர் எண்ணெயைவிடக் கனமானது. ஆகையால் எண்ணெயின்மேல் தங்காமல் கீழே இறங்குகிறது. இறங்கிய இடத்தில் 350 பாகை வெப்பம் அதனைச் சூழ்ந்துகொள்கிறது. நீர் முழுவதும் ஏறக்குறைய ஒரே கணத்தில் ஆவியாகிறது. நீர் ஆவியாகும்போது அதன் பருமன் சுமார் 1700 மடங்காகப் பெருகும். ஒரு கோப்பைத் தண்ணீர் 200 மில்லிலீற்றர் என்று கொண்டால், அது 340 லீற்றர் ஆவியாகிவிடும். எண்ணெய் விற்கும் கடைகளிற் காணப்படும் பெரிய இரும்புப் பீப்பாய் ஒன்றரைக்கும் மேல் நிரம்பக்கூடிய ஆவி, ஒரு தாச்சியின் அடியிலிருந்து திடீரென்று கிளம்புகிறது. அது மேலே கிடக்கும் எண்ணெயைத் தூக்கி, நுண்ணிய துளிகளாக்கி வீசிவிடுகிறது.

அதுவரை எண்ணெயின் மேற்பரப்பு மட்டுமே காற்றைத் தொட்டுக்கொண்டிருந்தது. எனவே தீயும் அந்த அளவிலேயே எரிந்தது. இப்போது ஒவ்வொரு துளியையும் காற்று நாற்புறமும் சூழ்ந்துகொள்கிறது. எரிந்துகொண்டிருக்கும் சுடரோ அருகிலேயே இருக்கிறது. அத்தனை துளிகளும் ஒருமிக்கப் பற்றுவதால் பெரிய தீப்பந்து ஒன்று எழுந்து முகட்டிற் பரவுகிறது. விறகையோ துணியையோ தண்ணீர் அணைப்பது, எரியும் பொருளின்மேல் தங்கி அதன் சூட்டைத் தணிப்பதனால். எண்ணெயின்மேல் அது தங்குவதுமில்லை. சூட்டைத் தணிக்க அவகாசம் பெறுவதுமில்லை.

ஆகவே எண்ணெய்த் தீயை அணைக்கும் வழி காற்றைத் தடுப்பதே. அது எவ்வாறு நடைபெற வேண்டும் என்பதை ஒரு வீட்டு நிகழ்ச்சியாக வைத்துப் பார்க்கலாம். தீபாவளிக்கு முதல்நாள் மாலை. வாயு அடுப்பில் ஒன்றரை லீற்றர் தேங்காயெண்ணெய் காய்கிறது. முறுக்கு ஓர் ஈடு எடுத்தாயிற்று. வாசலில் யாரோ அழைக்க, வீட்டுக்காரி போய்ப் பேசிவிட்டுத் திரும்புகிறாள். தாச்சியில் ஓரடி உயரத்துக்குத் தீ எரிகிறது. மகன் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி வருகிறான்.

“தம்பி, தண்ணீரைக் கீழே வை! பெரிய மூடியை எடுத்துத் தா!” என்கிறாள் தாய்.

மூடி, தாச்சியின் வாயைவிடப் பெரியது; அலுமினியத்தாலானது; ஈரமில்லாதது. அடுப்பின் திருகு முன்புறம் இருப்பதாலும், தீ அப்பக்கம் சாயாதிருப்பதாலும், முதலில் அதனைத் திருகி வாயுவை நிறுத்துகிறாள். பின்பு மூடியைக் கேடயம்போல் முகத்துக்கும் தீக்கும் இடையே சரித்துப் பிடிக்கிறாள். தன் பக்கத்து விளிம்பில் அதனைப் பொருத்தி, எதிர்ப்பக்கம் நோக்கி மெதுவாக நகர்த்தி மூடுகிறாள். மேலிருந்து அதனைப் போடவில்லை. போட்டிருந்தால் கை தீக்குள் நுழைந்திருக்கும், எண்ணெயும் சிந்தியிருக்கும். மூடியது சில விநாடிகளில் தீ அடங்குகிறது. உள்ளேயிருந்த சிறிதளவு ஒட்சிசன் செலவாகிவிட்டது. புதிய காற்று நுழைய வழியில்லை.

தீ அணைந்தது. ஆனால் காரியம் முடிந்துவிடவில்லை. பலர் தவறுவது இந்த இடத்திலேதான். சுடர் மறைந்தாலும் எண்ணெய் இன்னும் 350 பாகைச் சூட்டிலேயே இருக்கிறது. “அணைந்துவிட்டதா?” என்று மூடியைச் சற்றுத் தூக்கிப் பார்த்தால், காற்றுப் பட்டவுடன் அது மீண்டும் தானாகவே பற்றும், இம்முறை திறந்தவரின் முகத்துக்கு நேரே பற்றும். மூடிய தாச்சியில் எண்ணெய் மிக மெதுவாகவே ஆறும். குறைந்தது அரைமணி நேரம், ஒன்றரை லீற்றர் எண்ணெயாயின் ஒரு மணி நேரம், மூடியைத் தொடாதிருத்தல் வேண்டும். தாச்சியை அடுப்பிலிருந்து இறக்கவும் கூடாது. எரியும் தாச்சியை முற்றத்துக்குக் கொண்டுபோய் வைத்துவிடலாம் என்று தூக்கியவர்கள், சுடுபிடி தாளாமல் நடுவழியிற் கைவிட்டு, எரியும் எண்ணெயைத் தம் கால்களிலேயே கொட்டிக்கொண்டதுண்டு.

விறகடுப்பாயின் ஒழுங்கு சற்று மாறும். முதலில் தாச்சியை மூடவேண்டும். தீ அடங்கிய பின்னர் விறகை முன்புறமாக மெல்ல இழுத்துவிடலாம். மின்னடுப்பை அணைத்தாலும் அதன் தட்டு நெடுநேரம் சூட்டை விடாது. ஆகையால் காத்திருக்கும் நேரமும் கூடுகிறது.

பொருத்தமான மூடி இல்லையென்றால், தாச்சியின் வாயை முழுதும் மறைக்கும் உலோகத் தட்டம் உதவும். கண்ணாடி மூடி வெப்பத்தில் வெடிக்கலாம். உலர்ந்த துணி எண்ணெயை உறிஞ்சி விளக்குத் திரியாகிவிடும். நைலோன் போன்ற துணி உருகிக் கையில் ஒட்டும். நனைத்துப் பிழிந்த துணியை நம்புவதும் நல்லதன்று. நன்றாகப் பிழியாவிட்டால் அதிலிருந்து சொட்டும் நீரே பகையாகும். பிழிந்தாலும் எண்ணெய் ஊறிப் பின்னர் அது எரியத் தொடங்கலாம். தீ மிகச் சிறிதாயின் அப்பச்சோடாவை நிறையத் தூவி அணைக்கலாம். ஆனால் ஒரு சிட்டிகையால் ஆகும் காரியமன்று அது. நிறத்தால் ஏமாந்து கோதுமை மாவையோ சீனியையோ வீசுவது பேராபத்து. காற்றிற் பறக்கும் மா தானே வெடித்தெரியக் கூடியது. மணலும் ஈரமாக இருந்தால் தண்ணீர் ஊற்றியதற்கே ஒப்பாகும்.

ஹோட்டல்களின் சமையலறைகளில் எண்ணெய்த் தீக்கென்றே செய்யப்பட்ட தீயணைகருவி இருக்கும். ‘எஃப்’ வகுப்புத் தீக்குரியது என்று அதன்மேல் எழுதப்பட்டிருக்கும். அதிலுள்ள பொற்றாசிய உப்புக் கரைசல் மென்தூறலாக விழுந்து, எண்ணெயோடு கலந்து, சவர்க்கார நுரையாக மாறிப் படர்கிறது. அந்நுரை காற்றைத் தடுப்பதோடு எண்ணெயின் சூட்டையும் தணிக்கிறது. சாதாரண நீர்க் கருவியை எண்ணெயிற் பாய்ச்சுவது குடத்து நீரைக் கொட்டுவதினும் கொடியது. வேறு கருவிகளையும் கிட்ட நின்று வேகமாகப் பாய்ச்சினால், எரியும் எண்ணெய் தாச்சிக்கு வெளியே சிதறிவிடும்.

இவை யாவும் தீ தாச்சிக்குள் இருக்கும்வரைக்குமே பொருந்தும். சுவரலமாரியோ கூரையோ பற்றிவிட்டால், அல்லது கைக்கெட்டும் இடத்தில் மூடி இல்லையென்றால், தீயோடு போராடாமல் வீட்டாரை வெளியேற்றிவிட வேண்டும். அடுப்படிக் கதவைச் சாத்திவிட்டு வெளியேறினால் தீ பரவுவது தாமதப்படும். பின்னர் 110 என்ற இலக்கத்தில் தீயணைப்புப் படையை அழைக்க வேண்டும்.

தண்ணீருக்கும் ஓர் இடம் உண்டு. அது தாச்சியன்று, சுட்ட தோல். எண்ணெய் பட்டுக் கை வெந்துவிட்டால், குழாயிலிருந்து ஓடும் குளிர்ந்த நீரின்கீழ் 20 நிமிடம் அதனைப் பிடித்திருக்க வேண்டும். மோதிரத்தையும் காப்பையும் வீக்கம் தோன்றுமுன் கழற்றிவிட வேண்டும். பற்பசை, எண்ணெய், பனிக்கட்டி எதனையும் வைத்தலாகாது. உள்ளங்கையினும் பெரிதாக வெந்திருந்தாலும், முகத்திலோ கண்ணிலோ பட்டிருந்தாலும், நீரூற்றிய பின் தாமதமின்றி வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.

அந்தத் தாய்க்கு உதவியது, அடுப்பில் எண்ணெயை வைக்குமுன்பே தாச்சிக்குப் பொருந்தும் மூடியைத் துடைத்து, கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருந்த பழக்கம். தீ மூண்ட பின்னர் மூடியைத் தேடப் புறப்படுபவரின் கைக்கு முதலில் அகப்படுவது தண்ணீர்க் குடமாகவே இருக்கும்.