சீஸ் உருகணும், பிரெட் கருகக் கூடாது
(பகுதி அளவிலான கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியது)



எங்க குழு பனியன் கம்பெனிகளுக்குச் சாயங்கால டீ நேரத்துக்கு சாண்ட்விச் போட்டுக் கொடுக்குதுங்க. கடன் வாங்கி ஓடிஜி அடுப்பு வச்சிருக்கும் மற்ற குழுக்காரங்க என்னைப் பார்த்தால் கேட்பது ஒரே கேள்விதான்: "அக்கா, மேலே பிரெட் கருகிப் போகுது, உள்ளே சீஸ் அப்படியே கட்டியா இருக்குது, என்ன பண்றது?" அதுக்குப் பதிலைத்தான் இன்னைக்குச் சொல்லப் போறேன்.

முதல்ல அடுப்பைப் புரிஞ்சுக்கணும். கேக் வைக்கும்போது மேல் கம்பி, கீழ் கம்பி இரண்டும் எரிந்து, உள்ளே இருக்கும் காற்று சூடாகி வேகவைக்குது. கிரில்லில் வைத்தால் மேல் கம்பி மட்டும் சிவக்குது. சித்திரை வெயில் தலையில் அடிக்கிற மாதிரி, அந்தச் சூடு நேராக பிரெட்டின் மேல்தோலில்தான் விழும். பிரெட்டுக்குள்ளே பூராவும் சின்னச் சின்னக் காற்றறைகள். பஞ்சு மெத்தை மாதிரி அது சூட்டை உள்ளே விடாது. அதனால மூடின சாண்ட்விச்சை கிரில்லுக்குக் கீழே வைத்தால், சூடு சீஸுக்குப் போய்ச் சேருவதற்குள் மேல்தோல் கருகிடும். அதுக்காகச் சூட்டைக் கூட்டினால் இன்னும் சீக்கிரம் கருகுமே ஒழிய சீஸ் உருகாது.

அதனால நாங்க மூடி வைக்கிறதில்லை, திறந்து வைக்கிறோம். செய்முறை இதுதானுங்க.

அடுப்பை கிரில்லில் போட்டு, சூட்டுத் திருகை உச்சத்தில் வைத்து, ஐந்து நிமிஷம் காயவிடணும். திருகைக் குறைவாக வைத்தால் பாதியிலேயே கம்பி அணைஞ்சு அணைஞ்சு எரியும். அப்ப பிரெட் சிவக்காது, காய்ஞ்சு வறண்டு போகும். கம்பி நல்லாச் சிவந்த பிறகு பிரெட்டைத் தட்டில் பரப்பி, கம்பிக்கும் பிரெட்டுக்கும் நாலு விரல் இடைவெளி இருக்கிற மாதிரி வைக்கணும். எங்க அடுப்பில் இரண்டு நிமிஷத்தில் மேல்பக்கம் பொன்னிறமாகுது. அதோடு எடுத்துடுவோம். ஒரு பக்கம் மட்டும்தான் டோஸ்ட், மறுபக்கம் வெள்ளையாகவே இருக்கும்.

இப்ப பிரெட்டைத் திருப்பி, வெள்ளைப் பக்கத்தில் சீஸை வைக்கணும். சீஸ் ஓரம் வரைக்கும் போகணும். மூடாமல் விட்ட மூலைதான் முதல்ல கருகும். தட்டை ஒரு படி கீழே இறக்கி, ஆறு விரல் இடைவெளி கொடுத்து வையுங்க. இந்தத் தடவை சூடு நேராகச் சீஸ் மேலேயே விழுது, கீழே இருக்கும் பிரெட்டுக்குச் சீஸே குடை பிடிக்குது. இரண்டரை, மூணு நிமிஷத்தில் சீஸின் ஓரம் வழவழன்னு தளர்ந்து, நடுவில் லேசாகக் குமிழ் வரும். அப்ப எடுத்துடணும். அதுக்கு மேலே விட்டால் எண்ணெய் பிரிஞ்சு வெளியே வரும், சீஸ் ரப்பர் மாதிரி இழுக்கும்.

இன்னொரு துண்டின் வெள்ளைப் பக்கத்தில் கொத்தமல்லிச் சட்னி, விதை எடுத்த தக்காளி, வெங்காயம் வைத்து, சீஸ் துண்டின் மேல் கவிழ்த்து மூடணும். டோஸ்ட் ஆன இரண்டு பக்கமும் வெளியே வந்துடும். வெளியே மொறுமொறுப்பு, உள்ளே உருகின சீஸ்.

நிமிஷக் கணக்கைச் சொன்னேன், ஆனால் கடிகாரத்தை மட்டும் நம்பாதீங்க. வெள்ளை பிரெட் பொன்னிறமாக நேரம் எடுக்கும், பொன்னிறத்தில் இருந்து கருப்பாக அரை நிமிஷம்கூட ஆகாது. முதல் தட்டைவிட மூணாவது தட்டு சீக்கிரம் ஆகும், அடுப்பே காய்ஞ்சிருக்கும். பேக்கரி ஸ்வீட் பிரெட்டில் சர்க்கரை இருப்பதால் அது உப்பு பிரெட்டுக்கு முன்னாடியே சிவக்கும். லைன் வீடுகளில் சாயங்காலம் வோல்டேஜ் இறங்கும். அது பத்தில் ஒரு பங்கு குறைந்தால், கம்பியின் சூடு ஐந்தில் ஒரு பங்கு கிட்டக் குறைஞ்சுடும். அதனால கண்ணாடி வழியாகப் பார்த்துக்கிட்டே நிற்கணும்.

ஒவ்வொரு அடுப்பிலும் சூடான மூலை, ஆறின மூலைன்னு உண்டு. அதைக் கண்டுபிடிக்க, தட்டு நிறைய வெறும் பிரெட்டை அடுக்கி இரண்டு நிமிஷம் வைத்து எடுங்க. எங்கே கருத்திருக்கு, எங்கே வெளுத்திருக்குன்னு படம் போட்ட மாதிரி தெரியும். பிரெட்டில் கோடு கோடாகக் கம்பி அச்சு விழுந்திருந்தால் தட்டு ரொம்பக் கிட்டே இருக்குன்னு அர்த்தம். ஒரு பக்கம் மட்டும் கருத்தால், பாதி நேரத்தில் தட்டைத் திருப்பி வைக்கணும்.

சாமான் பற்றியும் இரண்டு வார்த்தை. கடையில் ஸ்லைஸாக வரும் பதப்படுத்தின சீஸ் எண்ணெய் பிரியாமல் சீராக உருகும், பழகுவதற்கு அதுதான் லேசு. மொசரெல்லா நூல் இழுக்கும், ஆனால் ஃபிரிட்ஜ் குளிரோடு கட்டியாக வைக்காமல் துருவிப் போடணும். "பன்னீர் போட்டால் செலவு குறையுமே"ன்னு கேட்பாங்க. பன்னீர் எவ்வளவு சூடு பண்ணினாலும் உருகாது, சிவந்து காயும். நம்ம ஊத்துக்குளி வெண்ணெயைத் தடவுறவங்க மெல்லிசாகத் தடவுங்க. வெண்ணெயில் இருக்கும் பால் சத்து கிரில்லில் சீக்கிரம் கருகும். அதையே நெய்யாக உருக்கித் தடவினால் அந்தத் தொந்தரவு குறைவு. ஒன்று கண்டிப்பாகச் சொல்றேன்: பட்டர் பேப்பரைத் தட்டில் விரித்து கிரில்லுக்குக் கீழே வைக்கவே வைக்காதீங்க, தீப்பிடிச்சுடும்.

ஒரு ஆர்டரைக் கணக்கோடு சொல்றேன். செக்கிங் செக்‌ஷனுக்கு ஆறு மணி டீக்கு 40 சாண்ட்விச். அப்படின்னா 80 துண்டு பிரெட், 40 ஸ்லைஸ் சீஸ். எங்க தட்டில் ஆறு துண்டு பிடிக்கும். டோஸ்ட் பண்ண 14 தட்டு, சீஸ் உருக்க ஏழு தட்டு. வைக்க, எடுக்கச் சேர்த்து ஒன்றே கால் மணி நேரம். 1500 வாட் அடுப்புக்கு இரண்டு யூனிட்டுக்குள் முடிஞ்சுடும். நாலரைக்கு ஆரம்பித்து முதலில் டோஸ்ட்டை முடிப்போம். அதை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்க மாட்டோம், ஆவியில் நமுத்துப் போகும். முறத்தில் துணி விரித்துப் பரப்பிடுவோம். சீஸ் வேலை கடைசி அரை மணியில்தான். கட்டும்போதும் மூடின பிளாஸ்டிக் டப்பா வேண்டாம், பேப்பரில் சுற்றி ஓரத்தைத் திறந்து விடுவோம்.

ஒரு சாண்ட்விச்சுக்குச் சாமான் செலவு 24 ரூபாய், விலை 40 ரூபாய், மிச்சம் 16 ரூபாய். சீஸ் வைத்த ஆறு துண்டு கருகினால் ஆறு சாண்ட்விச்சின் சரக்கில் பெரும்பங்கு போச்சு, ஏழெட்டு சாண்ட்விச்சின் லாபமும் அதோடு போச்சு. கருகினதைச் சுரண்டிக் கொடுக்கவும் முடியாது, கசப்பு நாக்கில் நிற்கும். அதனால அடுப்புக்கு முன்னாடி நிற்கிற ஆளுக்கு அந்த நேரத்தில் வேற வேலை கொடுக்க மாட்டோம். போன் வந்தால்கூட இன்னொருத்தர்தான் எடுப்பாங்க.

அடுப்பு வச்சிருக்கும் குழுக்காரங்க அடுத்த மாதக் கூட்டத்துக்கு, வெறும் பிரெட் வைத்து எடுத்த ஒரு தட்டுத் துண்டுகளை, வைத்த வரிசை மாறாமல் கொண்டு வாங்க. உங்க அடுப்பில் தட்டை எந்தப் படியில் வைக்கலாம், எந்த மூலையை விடலாம்னு அதைப் பார்த்தே பேசிக்கலாம்.