அட்டைப் பெட்டியில் 2,360, பில்லில் 2,100: வரி மாறினால் அலமாரிச் சரக்கின் மதிப்பு என்ன ஆகும்?

(ஆம்பூரில் காலணிக் கடைக்காரர்களும் பொதுமக்களும் கூடியிருந்த கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டைன்னு இந்தப் பக்கம் தோலும் ஷூவும் தொடாத குடும்பம் குறைவு. அதனால 2025 செப்டம்பர் 22 அன்று ஜிஎஸ்டி மாறினப்போ, மத்த ஊரைவிட இங்கதான் அதிகம் பேச்சு இருந்தது. தொழிற்சாலைக்குப் போற பதப்படுத்தின தோலுக்கும் வரி 12 சதவீதத்திலிருந்து 5 ஆச்சு. ஆனா இன்னைக்கு நான் தொழிற்சாலையைப் பத்திப் பேச வரலை. பஜார்ல ஷட்டரைத் தூக்கி ஷூ விக்கிற கடைக்காரரோட அலமாரியைப் பத்திதான்.

காலணிக்கு என்ன மாறினது? அதுக்கு முன்னால ஒரு ஜோடியோட விற்பனை மதிப்பு 1,000 ரூபாய் வரைன்னா 12 சதவீதம், அதுக்கு மேலன்னா 18 சதவீதம். செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரை 5 சதவீதம், அதுக்கு மேல 18 சதவீதம். அதாவது 1,000-க்கும் 2,500-க்கும் நடுவுல இருக்கிற ஷூவுக்கு வரி 18-லிருந்து ஒரே இரவில் 5-க்கு இறங்கிச்சு. நடுத்தர விலை லெதர் ஷூ பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான் இருக்கு. இந்த 2,500 என்பது வரி சேராத விலை. இதை ஞாபகம் வச்சுக்குங்க, பின்னாடி வேணும்.

இப்ப ஒரு கணக்கு போடுவோம். ஒரு கடைக்காரர் ஆகஸ்டில் 100 ஜோடி வாங்கினார்னு வச்சுக்குவோம். ஜோடி 1,500 ரூபாய், அதுக்கு 18 சதவீதம் வரி 270, மொத்தம் 1,770 கொடுத்தார். விற்கிற விலை 2,000, வரி 360 சேர்த்து பெட்டியில் 2,360. செப்டம்பர் 21 ராத்திரி கடை மூடுறப்போ 100 ஜோடியும் அலமாரியில் இருக்கு. மறுநாள் காலையில் அதே ஷூவை 2,000 கூட 5 சதவீதம், அதாவது 2,100-க்குத்தான் விக்கணும். எந்த வரியில வாங்கினோம் என்பது கணக்கில்லை. எந்த நாளில் வித்தோமோ அந்த நாளோட வரிதான்.

"அப்ப எனக்கு ஜோடிக்கு 260 ரூபாய் நஷ்டம்"னு பல பேர் சொன்னாங்க. சாதாரண ஜிஎஸ்டி பதிவில் இருக்கிறவருக்கு அது நஷ்டம் இல்லை. அவர் வாங்கினப்போ கட்டின 270 ரூபாய் அவரோட செலவே இல்லை. அது உள்ளீட்டு வரி வரவா அவர் கணக்கில் நிக்குது. சரக்கோட மதிப்பு அன்னைக்கும் 1,500, இன்னைக்கும் 1,500. லாபம் அன்னைக்கும் 500, இன்னைக்கும் 500. கணக்கு எழுதுற முறையும் இதைத்தான் சொல்லுது: திரும்பக் கிடைக்கிற வரியைச் சரக்கோட அடக்க விலையில் சேர்க்கக் கூடாது. இருப்பை 1,770-னு வரியோட எழுதி வச்சவங்கதான் "இப்ப 1,575-ஆ குறைக்கணுமா?"ன்னு குழம்பினாங்க. குறைக்க வேண்டாம், முதலில் எழுதினதே தப்பு.

நஷ்டம் இல்லைன்னா பிரச்சினையே இல்லையான்னு கேட்டா, இருக்கு. அது பணப் புழக்கத்தில் இருக்கு. ஒரு ஜோடி வித்தா அரசுக்குச் சேர வேண்டிய வரி 100 ரூபாய். கையில் வரவு 270 ரூபாய். ஆக ஜோடிக்கு 170, நூறு ஜோடிக்கு 17,000 ரூபாய் வரவு லெட்ஜரில் தங்கிடும். அது செல்லும், காலாவதி ஆகாது, திருப்பிக் கட்டச் சொல்லவும் மாட்டாங்க. ஆனா ஒரே பொருளோட வரி குறைஞ்சதால சேர்ந்த வரவைப் பணமா திருப்பித் தர மாட்டாங்க. அடுத்தடுத்த விற்பனையோட வரிக்குத்தான் கழிச்சுக்க முடியும். புதுச் சரக்கை 5 சதவீதத்தில் வாங்கறப்போ வரவு 75, விக்கறப்போ வரி 100. ஜோடிக்கு 25 ரூபாய்தான் பழைய வரவிலிருந்து கழியும். 17,000-ஐக் கரைக்க 680 ஜோடி விக்கணும்! 100 ஜோடியில் மாட்டின பணத்தை எடுக்க 680 ஜோடி. சின்னக் கடைக்கு இது பல மாசம். தீபாவளிச் சரக்குக்குக் கடன் வாங்கினவங்களுக்கு வலிச்சது இந்த இடத்துலதான்.

காம்போசிஷன் முறையில் இருக்கிற சின்னக் கடையோட கதை வேற. அவர் விற்பனையில் 1 சதவீதம் கட்டுவார், வாடிக்கையாளர்கிட்ட வரி வாங்க முடியாது, உள்ளீட்டு வரவும் கிடையாது. அவருக்கு 1,770 முழுக்க அடக்க விலை. முன்னால 2,360-க்கு வித்தா 590 மிச்சம். பக்கத்துக் கடை 2,100-க்கு விக்கறப்போ அவரும் இறங்கித்தான் ஆகணும், மிச்சம் 330. நூறு ஜோடிக்கு 26,000 ரூபாய் நிஜமாவே போச்சு. அப்பவும் ஆண்டு முடிவில் சரக்கு மதிப்பை அவர் குறைக்க வேண்டியதில்லை. அடக்க விலை, விற்றால் கிடைக்கிற விலை, இந்த ரெண்டில் எது குறைவோ அதுதான் இருப்பு மதிப்பு. 1,770-ஐவிட 2,100 அதிகம், அதனால 1,770-தான். ஷூ பழசாகி 1,600-க்குத்தான் போகும்னு ஆனா, அப்ப 1,600-ஆ எழுதணும். "வரி குறைஞ்சா எல்லாருக்கும் நல்லது"னு பொதுவா சொல்லிட்டு போறவங்க இந்தக் கடைக்காரரைக் கணக்கில் எடுக்கிறதில்லைன்னு எனக்குத் தோணுது.

இதே மண்ணில் எதிர்ப்பக்கமும் நடந்திருக்கு. 2022 ஜனவரி 1 அன்று 1,000 ரூபாய்க்குள்ள இருக்கிற காலணிக்கு 5-லிருந்து 12 ஆச்சு. அப்போ 5-இல் வாங்கின செருப்பை 12-இல் விக்கணும். வரவு பத்தாம கையிலிருந்து கட்ட வேண்டியதாச்சு. சரக்கு மதிப்பு அன்னைக்கும் மாறலை.

சரி, வரி மாறாம கம்பெனியே விலையை மாத்தினா? 1,500-ஐ 1,450-ஆ குறைச்சாங்கன்னா, புதுசா வாங்கறதுக்குத்தான் அது. ஏற்கெனவே வாங்கின சரக்குக்கு வித்தியாசத் தொகைக்கு கிரெடிட் நோட் கொடுத்தா மட்டும் அடக்க விலையை 1,450-ஆ திருத்தணும். அந்த நோட்டில் ஜிஎஸ்டியும் சேர்ந்திருந்தா, வாங்கின அன்னைய வரியில, அதாவது 50 ரூபாய்க்கு 18 சதவீதமான 9 ரூபாய் வரவையும் குறைச்சுக்கணும். வெறும் வணிக நோட்டா இருந்தா வரவு அப்படியே இருக்கும். விலை ஏறினா? இருப்பை ஏத்தி எழுதக் கூடாது, அது இன்னும் சம்பாதிக்காத லாபம். பெட்டியில் பழைய எம்ஆர்பி இருந்தா அதுக்கு மேல விக்கவும் கூடாது. விலையைக் குறைக்க ஸ்டிக்கர் ஒட்டலாம், ஏத்த ஒட்டக் கூடாது. குறைச்சு ஒட்டினாலும் பழைய விலையை மறைக்கக் கூடாது. 2025-இல் பழைய சரக்குக்கு மறுஸ்டிக்கர் கட்டாயம் இல்லைன்னும் மத்திய அரசு சொல்லிடுச்சு. அதனால பெட்டியில் 2,360, பில்லில் 2,100-னு பார்த்தா யாரும் பயப்பட வேண்டாம். நீங்க பார்க்க வேண்டியது பில்.

அந்த பில்லில்தான் 2,500 கோடு விளையாடுது. வரிக்கு முன்னால 2,500 ரூபாய் ஷூ, 5 சதவீதத்தோட 2,625. வரிக்கு முன்னால 2,501 ரூபாய் ஷூ, 18 சதவீதத்தோட 2,951.18. ஒரு ரூபாய் தாண்டினா 326 ரூபாய் ஏறுது. இதில் ஒரு வேடிக்கை இருக்கு. ஒரு ஜோடிக்கு வரியோட சேர்த்த மொத்தம் 2,625-க்கும் 2,950-க்கும் நடுவில் வரவே முடியாது. 2,700-னு வந்திருந்தா 5 சதவீதமா பிரிச்சுப் பாருங்க: 2,571 ஆகுது, கோட்டைத் தாண்டிடுச்சு, 18 போடணும். 18-ஆ பிரிச்சா 2,288, கோட்டுக்குள்ள வந்துடுச்சு, 5 போடணும். எப்படிப் பார்த்தாலும் பொருந்தாது. சாதாரணப் பதிவுள்ள கடையில அந்த இடைவெளியில் ஒரு ஜோடி ஷூ பில் வந்தா, எங்கேயோ தப்பு இருக்கு.

தப்பு பெரும்பாலும் தள்ளுபடியில் வருது. எம்ஆர்பி 3,000 ஷூவுக்கு 10 சதவீதம் தள்ளுபடின்னு மொத்தத்தில் 300-ஐக் கழிச்சு 2,700-னு போடுறாங்க. சரியான வழி: 3,000-இல் வரி 18 சதவீதத்தை எடுத்தா 2,542.37. அதில் 10 சதவீதம் கழிச்சா 2,288.14. இப்ப 2,500-க்குள்ள வந்துட்டதால வரி 5 சதவீதம். வாடிக்கையாளர் கொடுக்க வேண்டியது 2,402.54. தள்ளுபடியை பில்லிலேயே காட்டினாத்தான் இப்படிக் கணக்கிட முடியும். கம்ப்யூட்டர் பில் போடுறவங்க மென்பொருளில் வரியை மொத்த விலையை வச்சுத் தீர்மானிக்கிற மாதிரி அமைச்சிருந்தா, முதல்ல அதை மாத்துங்க.

கடைக்காரர்களுக்கு இன்னொண்ணு. செப்டம்பர் 22-க்கு முன்னால வித்த ஷூவை அதுக்கு அப்புறம் யாராவது திருப்பிக் கொண்டு வந்தா, கிரெடிட் நோட் பழைய 18 சதவீதத்தில்தான். மாத்திக் கொடுக்கிற புது ஜோடிக்குப் புது வரி. இதைக் கலந்து எழுதினா ரிட்டர்ன் ஒத்துப் போகாது. அடுத்த தடவை வரி மாறும் அறிவிப்பு வந்தா, அமலுக்கு முந்தின ராத்திரி இருப்பை எம்ஆர்பி வாரியா, வாங்கின பில் எண்ணோட எண்ணி ஒரு தாளில் எழுதி வச்சுக்குங்க. வரவு எவ்வளவு தங்கும்னு அப்பவே தெரிஞ்சிடும்.

வாடிக்கையாளர்களுக்கு: பில்லில் இருக்கிற ஜிஎஸ்டி எண்ணை gst.gov.in தளத்தில் Search Taxpayer பகுதியில் போட்டுப் பாருங்க. கடை சாதாரணப் பதிவா, காம்போசிஷனான்னு காட்டும். காம்போசிஷன் கடை வரின்னு தனி வரி போட்டு வாங்கியிருந்தா அது தப்பு. கடையில முதல்ல கேளுங்க. பாதிக்கு மேல மென்பொருள் அமைப்பை மாத்தாததாத்தான் இருக்கும்னு நினைக்கிறேன். சரி செய்யலைன்னா 1915-க்குக் கூப்பிடுங்க, அது தேசிய நுகர்வோர் உதவி எண். பில்லையும், பெட்டியில் எம்ஆர்பி இருக்கிற பக்கத்தையும் படம் எடுத்து வச்சுக்கிட்டு கூப்பிடுங்க.