வந்தவர் யார், எதற்கு வந்தார், யார் விட்டார்?

(தஞ்சோங் ரம்புத்தானில் தொழிலாளர்களும் கிராணிமார்களும் கூடிய கூட்டத்தில் நாங்கள் ஆற்றிய சொற்பொழிவு)



இங்கிருந்து அதிக தூரமில்லாத சுங்கை சிப்புட்டில் நடந்த ஒரு சம்பவத்தை முதலில் நினைவுபடுத்துகிறோம். 1948-ஆம் ஆண்டு ஜூன் 16-ஆம் தேதி காலை எட்டரை மணியளவில், எல்பில் தோட்டத்து ஆபீசுக்கு மூன்று பேர் சைக்கிளில் வந்தார்கள். உள்ளே இருந்த ஆர்தர் வாக்கர் துரைக்கு “தபே துவான்” என்று வணக்கம் சொன்னார்கள். அவரும் பதில் வணக்கம் சொன்னார். அடுத்த நிமிஷம் துப்பாக்கி வெடித்தது. அதே காலையில் பக்கத்திலிருந்த வேறொரு தோட்டத்தில் இன்னும் இரண்டு துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இரண்டு நாளில் மலாயா முழுவதும் அவசரகாலம் வந்தது. அது 1960 வரை நீடித்தது. அதன் சரித்திரத்தை நீங்கள் அறிவீர்கள். இன்று நாம் பேச வந்தது அந்தச் சரித்திரத்தை அல்ல.

அன்று அடுத்த அறையில் ஓர் இந்தியக் கிராணி இருந்தார். வணக்கம் சொன்னதைக் காதால் கேட்டவர் அவர். வெடிச் சத்தத்தைக் கேட்டவரும் அவர். உலகத்துக்கு அந்தக் காலை நேரம் தெரிய வந்தது பெரும்பாலும் அவர் சொன்ன வாக்கினால்தான். எத்தனை பேர், எதில் வந்தார்கள், என்ன சொன்னார்கள் என்று அவரால் சொல்ல முடிந்தது. பெயர் என்ன, எதற்கு வந்தார்கள், யார் உள்ளே விட்டார்கள் என்பதற்கு அவரிடம் விடையில்லை. ஆபீசுக்கு வருகிறவரை நிறுத்திக் கேட்கும் வழக்கமே அப்போது இல்லை. வணக்கம் சொல்லி வந்தவர் வேலை கேட்டு வந்தவர் என்றுதான் யாரும் நினைத்திருப்பார்கள்.

அந்த மாதிரி பயங்கரம் இன்று நம் தோட்டங்களில் இல்லை. ஆனால் வெளியாட்கள் அன்றைவிட அதிகமாக வருகிறார்கள். மருந்தடிக்கக் குத்தகை, உரம் போடக் குத்தகை, பழைய மரத்தைச் சாய்க்கக் குத்தகை, கட்டிப்பால் ஏற்ற லோரி. இவர்களால் ஒரு விபத்தோ தகராறோ நேர்ந்தால் அதை யார், எப்படி எழுதி வைக்கிறார் என்பதில் நம் ஜனங்களின் நஷ்டஈடு அடங்கியிருக்கிறது. ஓர் உதாரணத்தைக் கொண்டே இதைப் பேசுவோம். எந்தத் தோட்டத்தையும் மனத்தில் வைத்துச் சொல்லவில்லை. விஷயம் விளங்குவதற்காக நாங்களே அமைத்துக் கொண்டது.

பத்தாம் நம்பர் காட்டில் ஒரு பெண் தொழிலாளி பால் எடுத்துக் கொண்டிருக்கிறார். பக்கத்து ஒன்பதாம் நம்பர் காட்டில் மறுநடவுக்காகப் பழைய மரங்களை ஒரு குத்தகைக்காரரின் ஆட்கள் செயின்சாவால் சாய்க்கிறார்கள். காலை ஒன்பதே கால் மணிக்கு ஒரு மரம் வாய்க்காலைத் தாண்டிப் பத்தாம் நம்பர் பக்கம் விழுகிறது. ஒரு கிளை அந்த அம்மாளின் தோளில் பட்டு எலும்பு முறிகிறது. அன்று மாலை ஆபீஸ் புத்தகத்தில் இப்படி ஒரு வரி ஏறுகிறது: “இன்று காலை அத்துமீறி நுழைந்த வெளியாள் மரம் வெட்டியதில் தொழிலாளி ஒருவருக்குக் காயம்.”

எழுதியவர் கெட்டவரல்ல. அவசரத்தில் எழுதினார். ஆனால் இந்த ஒரே வரியில் எத்தனை கோளாறு என்று பாருங்கள். முதலாவது, “மரம் வெட்டியதில்” என்கிறார். நம் தோட்டத்தில் மரம் வெட்டுவது என்றால் பால் வெட்டுவது. ஈப்போவில் உட்கார்ந்து வாசிக்கிற அதிகாரி இதை எப்படிப் புரிந்துகொள்வார்? “செயின்சாவால் அறுத்துச் சாய்த்தார்” என்று எழுத வேண்டும். இது சிறிய விஷயம். மற்றவை சிறியவை அல்ல.

“வெளியாள்” என்றால் யார்? பெயர் தெரியாவிட்டால் தெரியாது என்று எழுதலாம். தெரிந்ததை எழுதாமல் விடலாகாது. லோரி நம்பர், லோரிக் கதவில் எழுதியிருந்த கம்பெனிப் பெயர், கூட வந்தவர்கள் எத்தனை பேர், அவர்களை வேலைக்கு வைத்தவர் தம்மை யார் என்று சொல்லிக் கொண்டார், இவையெல்லாம் அடையாளந்தான். அடையாளக் கார்டைப் பார்த்து எழுதினோமா, வாயால் சொன்னதை எழுதினோமா என்பதையும் குறிக்க வேண்டும், இரண்டும் ஒன்றல்ல. வாயால் சொன்ன பெயர் பல சமயம் கூப்பிடும் பெயராகவே இருக்கும். இன்னொன்று: கார்டைப் பார்த்துக் குறித்துக்கொண்டு உடனே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அதைப் பிடித்து வைத்துக்கொள்ள ஜாகாவுக்கு உரிமையில்லை. வந்தவர் அந்நிய நாட்டுத் தொழிலாளியாக இருந்து பாஸ்போர்ட்டைக் காட்டினால் இன்னும் எச்சரிக்கை வேண்டும். சட்டப்படியான அதிகாரம் இல்லாமல் பிறர் பாஸ்போர்ட்டை வைத்திருப்பதே 1966-ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டத்தின்படி குற்றம். ஒரு குற்றத்தை எழுதப் போய் நாமே ஒரு குற்றம் செய்தவர்களாகி விடக்கூடாது.

இப்போது “அத்துமீறி” என்ற சொல்லுக்கு வருவோம். இதுதான் அந்த வரியிலேயே ஆபத்தான சொல். அனுமதியில்லாமல் காலை வைத்தால் உடனே குற்ற அத்துமீறல் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். தண்டனைச் சட்டம் 441-ஆம் பிரிவு அப்படிச் சொல்லவில்லை. குற்றம் செய்யவோ, இடத்தை வைத்திருப்பவரை மிரட்டவோ, அவமதிக்கவோ, தொந்தரவு செய்யவோ கருதி நுழைந்தால், அல்லது முறையாக நுழைந்தபின் அந்தக் கருத்துடன் போகாமல் நின்றால், அதுதான் குற்ற அத்துமீறல். வந்த நோக்கத்தில்தான் எல்லாம் இருக்கிறது.

இதைத் தெளிவுபடுத்திய வழக்கு நம்மைப் போன்ற ஒரு தோட்டத் தமிழரின் வழக்கு என்பது பலருக்குத் தெரியாது. இலங்கையில் நேவ்ஸ்மையர் என்ற தோட்டத்து நிலத்தை அரசாங்கம் எடுத்துக்கொண்டபோது, தொழிலாளர்களை லயத்தைவிட்டுப் போகச் சொன்னார்கள். சின்னசாமி செல்வநாயகம் என்பவர் போகவில்லை. துரையைத் தொந்தரவு செய்யும் கருத்தோடு தங்கியிருக்கிறார் என்று அவர்மேல் வழக்கு. அங்கே தண்டித்தார்கள். லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1950-இல் ஜெயித்தார். தான் இருப்பது துரைக்குத் தொந்தரவாகும் என்று ஒருவருக்குத் தெரிந்திருக்கலாம். அதற்காக, தொந்தரவு செய்வதே அவர் நோக்கம் என்று ஆகிவிடாது, வீட்டைக் காத்துக்கொள்வதுதான் அவர் நோக்கம் என்று தீர்ப்பாயிற்று. இலங்கைச் சட்டத்தின் அந்த வாசகமும் நம்முடையதும் ஒரே வார்ப்பு. ஆகவே கிராணி ஐயா புத்தகத்தில் “அத்துமீறி” என்று எழுதும்போது, நீதிபதிகள் லண்டனில் உட்கார்ந்து ஆராய்ந்த ஒரு முடிவைத் தாமே ஒரு வினாடியில் எடுத்துவிடுகிறார்! எழுத வேண்டியது நோக்கத்தைப் பற்றி வந்தவர் சொன்ன வார்த்தை, அவர் கையிலிருந்த சாமான், அவர் செய்த காரியம். “மரம் சாய்க்க வந்தோம் என்றார், கையில் செயின்சா இரண்டு, ஒன்பதாம் நம்பரில் காலை ஏழு மணி முதல் வேலை நடந்தது.” இதைப் படிக்கிறவர் நோக்கத்தைத் தாமே அறிந்துகொள்வார்.

அனுமதிக்கு வருவோம். நம் உதாரணத்தில் குத்தகைக்காரரிடம் நிர்வாகம் கொடுத்த கடிதம் இருந்தது. அதில் ஒன்பதாம் நம்பர் காடு, இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை, ஐந்து ஆள் என்று கண்டிருந்தது. ஆகவே தோட்டத்துக்குள் வர அனுமதி உண்டு. பத்தாம் நம்பர் ஓரத்து மரத்தைச் சாய்க்க அனுமதி கடிதத்தில் இல்லை. உள்ளே வர அனுமதி வேறு, உள்ளே வந்து இன்னதைச் செய்ய அனுமதி வேறு. ஒரு தாளில் ‘அனுமதி: உண்டு’ என்று முடித்துவிட்டால் இந்த வித்தியாசம் காணாமல் போய்விடும். எந்த இடத்துக்கு, எந்த நாளுக்கு, எத்தனை பேருக்கு, எந்த வேலைக்கு, யார் கையெழுத்தில் என்று பிரித்து எழுதினால்தான் மரம் எல்லை தாண்டியது வெளியே தெரியும்.

ஏன் தாண்டினார்கள் என்று விசாரித்தால் குத்தகைக்காரரின் ஆள் ஒரு விஷயம் சொல்கிறார். முதல் நாள் மாலை கண்டக்டர் வந்து, வாய்க்காலோரம் சாய்ந்து நிற்கும் இரண்டு மரத்தையும் சேர்த்து எடுத்துவிடுங்கள் என்றாராம். கண்டக்டரைக் கேட்டால் அப்படிச் சொல்லவில்லை என்கிறார். யார் சொல்வது மெய் என்று கிராணி தீர்மானிக்க வேண்டாம். இருவர் சொன்னதையும் அவரவர் வார்த்தையில், கேட்ட மணியோடு, அருகில் இருந்தவர் பெயரோடு எழுத வேண்டும். “அத்துமீறி நுழைந்த வெளியாள்” என்ற வரி நிலைத்துவிட்டால், கண்டக்டர் பெயர் அந்தக் கதையில் வரவே வராது. வெட்டுக்காரர் பால் எடுத்துக் கொண்டிருக்கும்போது பக்கத்தில் மரம் சாய்க்க விட்டது யார் என்ற கேள்வியும் எழாது.

காயம்பட்ட அம்மாளுக்கு இதனால் என்ன? சொக்சோவில் வேலை விபத்துக்கான உதவித்தொகை வந்தவர் யாராயிருந்தாலும் உண்டு. விபத்தை முதலாளி அறிந்த 48 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். ஆனால் சொக்சோ சட்டத்தின் 31-ஆம் பிரிவு, காயம்பட்டவர் தம் முதலாளிமேலும் முதலாளியின் வேலையாள்மேலும் தனியே நஷ்டஈட்டு வழக்குப் போடுவதைத் தடுக்கிறது. வெளிக் குத்தகைக்காரர்மேல் போடுவதை அது தடுக்கவில்லை. ஆக, செயின்சா பிடித்தவர் தோட்டத்து ஆளா, குத்தகைக்காரரின் ஆளா என்பது வெறும் விவரமல்ல. அந்த அம்மாள் கோர்ட்டுக்குப் போக முடியுமா என்பதே அதுதான். பால் வெட்டுகிறவரும் ஒரு குத்தகைக்காரரின் கீழ் வேலை செய்பவரானால் கணக்கு மாறும். அப்படிப்பட்டவர்கள் சங்கத்தில் தனியே வந்து கேளுங்கள். நாலு நாளைக்கு மேல் வேலை செய்ய முடியாத காயமானால், நிர்வாகம் தொழில் பாதுகாப்பு இலாகாவுக்கு உடனே தெரிவித்து ஏழு நாளில் எழுத்தில் அறிக்கை கொடுக்க வேண்டும். அந்த அறிக்கைக்கு ஆதாரமாகப் போவதும் நீங்கள் எழுதிய இந்தப் பக்கந்தான்.

இன்னும் ஒன்று. எழுதுவது அன்றைக்கே ஆகவேண்டும். சாட்சி சொல்லும்போது, சம்பவ நேரத்திலோ நினைவு மங்குமுன்போ தாமே எழுதியதைப் பார்த்து ஞாபகப்படுத்திக் கொள்ளலாம் என்று 1950-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டம் 159-ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. அதே எழுத்தை எதிர்க்கட்சி வக்கீலும் வாங்கிப் பார்க்கலாம். பிழையை அழித்து எழுதினால் முதல் கேள்வி அதைப் பற்றித்தான் வரும். ஒரு கோடு போட்டு, பழைய எழுத்து தெரியும்படி விட்டு, பக்கத்தில் சரியானதை எழுதி, கையெழுத்தும் மணியும் போடுங்கள்.

சரி, அந்த ஒற்றை வரியின் இடத்தில் என்ன இருந்திருக்கலாம்? நாங்கள் எழுதிப் பார்த்தது இது:

“காலை 9.15. பத்தாம் நம்பர், வாய்க்காலோரம். ஒன்பதாம் நம்பரில் வேலை செய்த குத்தகை ஆட்கள் செயின்சாவால் அறுத்த மரம் வாய்க்கால் தாண்டி விழுந்து, பால் எடுத்துக் கொண்டிருந்த பெண் தொழிலாளியின் இடது தோளில் கிளை பட்டது. நான் விழுந்ததைப் பார்க்கவில்லை. சத்தம் கேட்டு 9.20-க்குப் போனேன். விழுந்ததைப் பார்த்தவர் அடுத்த நிரை வெட்டுக்காரர். அறுத்தவர் பெயர் வாயால் சொன்னது, கார்டு பார்க்கவில்லை. லோரி நம்பர் ஜாகா புத்தகத்தில் உள்ளது, உள்ளே வந்தது 6.50. அனுமதிக் கடிதம் பார்த்தேன், ஒன்பதாம் நம்பருக்கு மட்டும். வாய்க்காலோர மரத்தைக் கண்டக்டர் எடுக்கச் சொன்னதாக அறுத்தவர் 9.40-க்குச் சொன்னார். சொல்லவில்லை என்று கண்டக்டர் 10.30-க்குச் சொன்னார். எழுதியது 11.15.”

இதை எழுதப் பத்து நிமிஷம் பிடித்தது. இதன் பிரதி ஒன்றைத் தோட்டக் கமிட்டித் தலைவரிடமும் கொடுக்கச் சொல்லிக் கேட்கலாம். கொடுக்க மறுத்தால், கேட்ட தேதியையும் மறுத்தவர் பெயரையும் கமிட்டியின் புத்தகத்தில் எழுதி வையுங்கள்.