மறுப்பு மடலும் திறந்த கதவும்

(யேர்மனியில் பெற்றோரும் இளையோரும் கூடிய மாலை நிகழ்வொன்றில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



மின்னியல் வேலைகளைச் செய்யும் நடுத்தர நிறுவனமொன்றில், அவுஸ்பில்டுங் எனப்படும் தொழிற்பயிற்சிக்கு இளையோரைத் தெரிவு செய்யும் பொறுப்பில் நான் பல ஆண்டுகளாக இருந்து வருகின்றேன். ஒவ்வோர் ஆண்டும் எம்மிடம் இருப்பவை இரண்டு இடங்கள். விண்ணப்பிப்போர் நாற்பது பேருக்குக் குறைவதில்லை. ஆகவே இருவருக்கு 'ஆம்' என்று சொல்கின்ற நான், ஏனைய அனைவருக்கும் 'இல்லை' என்று எழுதுபவனாகவும் இருக்கின்றேன். அந்த 'இல்லை' எப்படி எழுதப்பட வேண்டும், அதனைப் பெறுகின்றவர் எப்படி வாசிக்க வேண்டும் என்பதே இன்று நான் பேச வந்த விடயம்.

நான் செய்த பிழை ஒன்றிலிருந்தே தொடங்குகின்றேன்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் எமது இளைஞன் ஒருவன் எம்மிடம் விண்ணப்பித்திருந்தான். மார்ச் மாதத்தில் ஐந்து நாட்கள் எமது பட்டறைக்கு வந்து வேலை செய்து காட்டினான். தெரிவில் அவன் மூன்றாவதாக நின்றான். இரண்டு இடங்களும் நிரம்பிய பின்னர் அவனுக்கு நான் இவ்வாறு எழுதினேன்: "உங்கள் விண்ணப்பம் எம்மை மிகவும் கவர்ந்தது. எனினும் இம்முறை வேறு இருவரைத் தெரிவு செய்துள்ளோம். உங்கள் ஆவணங்களை வைத்திருந்து, வாய்ப்பு ஏற்படும்போது மகிழ்ச்சியுடன் தொடர்பு கொள்வோம்."

இது கணினியில் ஏற்கனவே இருந்த மடல். பெயரை மட்டும் மாற்றி அனுப்பினேன். தொடர்பு கொள்ளும் எண்ணம் எதுவும் என்னிடம் இருக்கவில்லை. ஓகஸ்ட் மாத இறுதியில் அவனது தந்தையார் தொலைபேசியில் அழைத்தார். "ஐயா, நீங்கள் கூப்பிடுவியள் எண்டு பிள்ளை வேற இடம் ஒண்டுக்கும் போடேல்லை" என்றார். யேர்மனியில் பெரும்பாலான பயிற்சிகள் ஓகஸ்ட் 1 அல்லது செப்ரெம்பர் 1 இல் தொடங்குகின்றன. அந்நேரத்தில் அவன் விரும்பிய தொழிலில் அண்மையில் எங்கும் இடம் இருக்கவில்லை. எனது மடலில் கடுமையான சொல் ஒன்றேனும் இல்லை. ஆயினும் அது அந்தப் பிள்ளையின் ஓர் ஆண்டை எடுத்துக்கொண்டது.

நிறுவனங்கள் ஏன் இப்படிப் பொதுவாக எழுதுகின்றன? இதற்குச் சோம்பல் மட்டும் காரணமன்று. 2006 ஆம் ஆண்டு யேர்மனியில் பொதுச் சமநடத்தைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. இன மூலம், பால், மதம், மாற்றுத்திறன், வயது, பாலியல் அடையாளம் ஆகியவற்றின் காரணமாக ஒருவர் மறுக்கப்பட்டால், மறுப்புக் கிடைத்த நாளிலிருந்து இரண்டு மாதங்களுக்குள் அவர் எழுத்து மூலம் இழப்பீடு கோரலாம். மறுப்பு மடலில் உள்ள கவனமற்ற ஒரு சொல்லே வழக்கில் சான்றாகிவிடக் கூடும். "எமது இளம் குழுவுக்கு நீங்கள் பொருந்தமாட்டீர்கள்" என்று எழுதினால் அது வயதைக் குறிக்கும். "டொச் உங்கள் தாய்மொழி அல்ல" என்று எழுதினால் அது பிறப்பைச் சுட்டும். இந்த அச்சத்தினால் பலர் காரணமே கூறாது, வாழ்த்து மட்டும் எழுதி முடித்துக்கொள்கின்றனர்.

ஆனால் காரணம் கூறுவதைச் சட்டம் தடை செய்யவில்லை. வேலைக்குத் தேவையென முன்கூட்டியே அறிவிக்கப்பட்ட ஒன்றைப் பற்றி, நாம் நேரில் கண்டதையோ தேர்வில் அளந்ததையோ எழுதினால், அது நேர்மையான காரணமாகும். அதுவே உண்மையான காரணமாகவும் இருக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இன்று அதே இளைஞனுக்கு எழுதுவதாயின் நான் இப்படி எழுதுவேன்:

"வணக்கம். மார்ச் மாதத்தில் எமது பட்டறையில் ஐந்து நாட்கள் பணியாற்றியமைக்கு நன்றி. இவ்வாண்டுக்கான இரண்டு பயிற்சியிடங்களையும் வேறு இருவருக்கு வழங்கியுள்ளோம். உங்களுக்கு இடம் தர எம்மால் இயலவில்லை.

நீங்கள் வயர்களை ஒழுங்காக இணைத்தீர்கள். இரண்டாம் நாள் விட்ட பிழையை நீங்களே கண்டுபிடித்துத் திருத்தினீர்கள். எழுத்துத் தேர்வின் கணக்குப் பகுதியில் இருபது வினாக்களில் பதினொன்றுக்குச் சரியான விடை அளித்திருந்தீர்கள். பின்னக் கணக்கிலும் ஓமின் விதியிலும் புள்ளிகள் குறைந்தன. முடிவைத் தீர்மானித்தது இப்பகுதியே.

பயிற்சி செப்ரெம்பர் 1 இல் தொடங்குகின்றது. ஒக்ரோபர் 31 இற்குள் ஓரிடம் வெற்றிடமானால் முதலில் உங்களை அழைப்பேன். அப்படி நடக்கும் என்று உறுதி கூற இயலாது. எனவே வேறு இடங்களுக்கு விண்ணப்பிப்பதை நிறுத்த வேண்டாம். அடுத்த ஆண்டுக்கான விண்ணப்பங்களையும் செப்ரெம்பர் மாதத்திலிருந்து ஏற்கின்றோம். நீங்கள் மீண்டும் விண்ணப்பித்தால் ஐந்து நாள் பணி தேவையில்லை. கணக்குத் தேர்வை மட்டும் எழுதினால் போதும்.

அதுவரை உங்கள் ஆவணங்களை நாம் வைத்திருக்கச் சம்மதமாயின், இம்மடலுக்கு 'ஆம்' என்று பதில் எழுதுங்கள். பதில் இல்லாவிடின் உரிய காலத்தில் அவற்றை அழித்துவிடுவோம்."

இதன் கீழே எனது பெயரும் நேரடித் தொலைபேசி இலக்கமும் இருக்கும்.

இம்மடலில் முதலில் கவனிக்க வேண்டியது, மறுப்பு தொடக்கத்திலேயே தெளிவாக வருகின்றது என்பது. நீண்ட பாராட்டுக்குப் பின்னர் மறுப்பை வைத்தால், வாசிப்பவர் பாராட்டையே பிடித்துக்கொள்வார். பாராட்டும் பொதுச் சொல்லாக இல்லை. அவன் செய்த ஒரு செயலைக் குறிக்கின்றது. ஆகையால் அதன் பின்னர் வருகின்ற குறையையும் அவன் நம்புவான்.

அடுத்தது கதவு. அது எப்போது திறக்கக்கூடும், எப்போது மூடும் என்று மடலே சொல்கின்றது. ஒக்ரோபர் 31 என்ற நாள் கற்பனையில் பிறந்ததன்று. யேர்மனியச் சட்டப்படி தொழிற்பயிற்சியின் தொடக்கத்தில் ஒன்று முதல் நான்கு மாதங்கள் வரை பரீட்சார்த்தக் காலம் உண்டு. அக்காலத்தில் இரு தரப்பினரும் முன்னறிவித்தல் காலமின்றி ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம். சிலர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டும் முதல் நாளே வருவதில்லை. சிலர் சில வாரங்களில் விலகிவிடுகின்றனர். ஆகவே மூன்றாவதாக நின்ற பிள்ளைக்கு இடம் கிடைப்பது நடக்கக்கூடியதே. ஆனால் தொழிற்பாடசாலை வகுப்புகள் அதற்குள் ஆரம்பித்துவிடும். எமது அனுபவத்தில், நவம்பருக்குப் பின்னர் சேர்பவர் தவறவிட்ட பாடங்களை எட்டிப்பிடிக்கப் பெரிதும் சிரமப்படுகின்றார். அதனால்தான் அந்த எல்லை.

மூன்றாவது, ஆவணங்களுக்கான சம்மதம். ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குவிதி 2018 மே 25 முதல் நடைமுறையில் உள்ளது. மறுக்கப்பட்டவரின் ஆவணங்களை, வழக்கு ஏதும் வருமோ என்ற காரணத்துக்காக நிறுவனங்கள் பொதுவாக ஆறு மாதங்கள் வரை வைத்திருப்பதுண்டு. அடுத்த ஆண்டுத் தெரிவுக்காக வைத்திருப்பது வேறு நோக்கம். அதற்கு விண்ணப்பித்தவரின் சம்மதம் வேண்டும், அவர் அதனைப் பின்னர் மீளப்பெறவும் முடியும். ஆகவே "உங்கள் ஆவணங்களை வைத்திருப்போம்" என்று எழுதிவிட்டுச் சம்மதம் கேட்காத மடல், பெரும்பாலும் எதையும் வைத்திருக்கப் போவதில்லை. எனது பழைய மடலும் அத்தகையதே.

இத்தகைய மடலை நாற்பது பேருக்கும் எழுத முடியாது, எழுதவும் கூடாது. நேரில் பார்த்திராத ஒருவரைப் பாராட்டுவது பொய். அவர்களுக்கு நான்கு வரிகளில், தாமதமின்றி, தெளிவான மறுப்பை அனுப்புகின்றேன். மீண்டும் வருமாறு அழைப்பதில்லை. பட்டறைக்கு வந்து நாட்களைச் செலவிட்டவர்களையோ முதலில் தொலைபேசியில் அழைத்துப் பேசுகின்றேன், அன்றே மடலையும் அனுப்புகின்றேன். பேசும்போது நாம் இரக்கத்தினால் குரலைத் தணிப்போம், கேட்பவர் அதில் நம்பிக்கையைக் கேட்டுவிடுவார். எழுத்தில் உள்ளது அந்த மயக்கத்தைத் தீர்க்கும்.

இங்கு கடைகளும் உணவகங்களும் நடத்துகின்ற எம்மவர்களுக்கும் இது பொருந்தும். வேலை கேட்டு வருகின்ற பிள்ளை தெரிந்தவரின் பிள்ளையாக இருக்கும். முகத்துக்கு நேரே மறுக்க மனம் வராது. "பிறகு சொல்லுறன் தம்பி" என்று சொல்லிவிடுகின்றோம், பிறகு சொல்வதேயில்லை. அதனை நாம் கனிவு என்று நினைக்கின்றோம். காத்திருப்பவனுக்கு அது கனிவன்று.

இனி இளையோருக்கு. மறுப்பு மடல் வந்தால் அதில் ஒரு நாளோ, ஒரு மனிதரின் பெயரோ, அடுத்து நீங்கள் செய்ய வேண்டிய ஒரு செயலோ இருக்கின்றதா என்று பாருங்கள். இவற்றில் எதுவும் இல்லாமல் "மீண்டும் விண்ணப்பியுங்கள்" என்று மட்டும் இருந்தால், அதனை முழுமையான மறுப்பாகவே கொள்ளுங்கள். இருந்தால் சில நாட்களுக்குள் பதில் எழுதுங்கள். "ஏன் என்னை எடுக்கவில்லை?" என்று கேட்டால் நிறுவனம் சட்டத்தை நினைத்து வாய் மூடிக்கொள்ளும். "அடுத்த முறைக்கு நான் எதில் தேர்ச்சி பெற வேண்டும்?" என்று கேட்டுப் பாருங்கள். பலர் பதில் தருவார்கள். எந்தக் கதவு திறந்திருந்தாலும் ஏனைய விண்ணப்பங்களை நிறுத்தாதீர்கள். செப்ரெம்பருக்குப் பின்னரும் இடமில்லையெனில், தொழில் முகவர் நிலையத்திலும் தொழில் வணிகச் சபையிலும் கேளுங்கள். நிரம்பாத இடங்கள் அங்கே தெரியவரும்.

பெற்றோர்களே, அந்தப் பதிலைப் பிள்ளையே எழுதட்டும், பிள்ளையே பேசட்டும். நாளை தன்னோடு வேலை செய்யப் போகின்றவரின் குரலையே பயிற்றுநர் கேட்க விரும்புவார்.

அந்த இளைஞன் அடுத்த ஆண்டு வேறொரு நிறுவனத்தில் பயிற்சியில் சேர்ந்தான். எம்மிடம் அவன் மீண்டும் விண்ணப்பிக்கவில்லை. திறந்திருப்பதாக நான் எழுதிய கதவை அவன் நம்பவில்லை. அதில் அவனது தவறு எதுவுமில்லை.