யாரைப் பாதுகாக்கும் பொறுப்பு?



சேரியில் வீடு எரிந்து, வெளியிலிருந்து விசாரணைக் குழு வந்து இறங்கும்போது ஊர்ப் பெரிய மனிதர்கள் சொல்லும் வாசகம் நமக்கெல்லாம் மனப்பாடம்: "இது எங்க ஊர் விவகாரம், நாங்களே பேசித் தீத்துக்குவோம்." இதையே ஓர் அரசு உலகத்தைப் பார்த்துச் சொன்னால் அதற்கு இறையாண்மை என்று பெயர். 2001இல் டர்பனில் நடந்த இனவெறி எதிர்ப்பு மாநாட்டில் சாதியைப் பேசக் கூடாது என்று இந்திய அரசு வாதாடியது. அது உள்நாட்டு விவகாரமாம். அதனால் அந்தச் சொல்லைக் கேட்டதுமே நமக்குச் சந்தேகம் வருகிறது. வர வேண்டியதுதான்.

அதே 2001 டிசம்பரில், கனடா அரசின் முயற்சியால் அமைந்த ஓர் ஆணையம் 'பாதுகாக்கும் பொறுப்பு' என்ற அறிக்கையை வெளியிட்டது. இறையாண்மை என்பது ஆளும் உரிமை மட்டுமல்ல, மக்களைக் காக்கும் கடமையும் கூட என்றது அந்த அறிக்கை. 2005 ஐ.நா. உச்சி மாநாடு இதைச் சுருக்கி ஏற்றது. இனப்படுகொலை, போர்க்குற்றம், இனச்சுத்திகரிப்பு, மானுடத்துக்கு எதிரான குற்றம் ஆகிய நான்குக்கு மட்டுமே இது பொருந்தும். ஓர் அரசு தன் மக்களைக் காக்கத் தவறுவது வெளிப்படையாகத் தெரிந்தால், பாதுகாப்பு அவை வழியாக உலக நாடுகள் கூட்டாகச் செயல்படலாம். அதையும் அந்தந்தச் சம்பவத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். அந்த அவையில் ஐந்து நாடுகளின் கையில் வீட்டோ இருக்கிறது என்பதை மறக்காமல் மேலே போவோம்.

இந்தக் கோட்பாடு முழு வேகத்தில் செயல்பட்ட இடம் லிபியா. 2011 பிப்ரவரியில் கடாபியின் படை கிளர்ச்சியாளர்களைச் சுட்டது. பாதுகாப்பு அவை முதலில் ஆயுதத் தடை விதித்து, வழக்கைச் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்துக்கு அனுப்பியது. படை பெங்காசியை நெருங்கியபோது, மார்ச் 17 அன்று 1973ஆம் எண் தீர்மானம் வந்தது. பொதுமக்களைக் காக்கத் 'தேவையான எல்லா நடவடிக்கைகளுக்கும்' அது அனுமதி தந்தது. அந்நிய ஆக்கிரமிப்புப் படைக்கு மட்டும் தடை. ஆதரவு 10, எதிர்ப்பு இல்லை. ரஷ்யா, சீனா, இந்தியா, பிரேசில், ஜெர்மனி ஐந்தும் வாக்களிக்காமல் ஒதுங்கின. களநிலவரம் பற்றி நம்பகமான தகவல் போதவில்லை என்றது இந்தியா. அந்தக் காரணம் தவறில்லை என்றே நாம் கருதுகிறோம். அதைச் சொன்னவர்களின் நோக்கம் வேறு கதை.

மார்ச் 19இல் குண்டுவீச்சு தொடங்கியது. பெங்காசி தப்பியது. அதோடு நின்றிருக்கலாம்; நிற்கவில்லை. திரிப்போலி விழும்வரை, அக்டோபர் 20 அன்று கடாபி கொல்லப்படும்வரை விமானங்கள் பறந்தன. மக்களைக் காக்கத் தந்த அனுமதி ஆட்சியைக் கவிழ்க்கும் அனுமதியாக நீட்டப்பட்டது. பொதுமக்களுக்கிருந்த ஆபத்து மிகைப்படுத்தப்பட்டது என்று பிரிட்டன் நாடாளுமன்றக் குழுவே 2016இல் எழுதியது. விலை கொடுத்தவர்கள் சிரியர்கள். 2011 அக்டோபரில் சிரியா பற்றிய வரைவுத் தீர்மானத்தை வீட்டோ செய்த ரஷ்யா லிபியாவையே காரணம் காட்டியது.

இந்த வரலாற்றைப் படிப்பவர்கள் பெரும்பாலும் கடந்துபோகும் ஓர் ஊர் தவர்கா. மிஸ்ரட்டா நகரத்துக்குப் பக்கத்தில் சுமார் 40,000 கறுப்பு லிபியர்கள் வாழ்ந்த ஊர். அவர்களில் பலர் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் என்பார்கள். கறுப்பர்களை 'அடிமை' என்று அழைக்கும் வழக்கம் அந்த நாட்டில் இன்றும் உண்டு. மிஸ்ரட்டாவை முற்றுகையிட்ட கடாபியின் படை தவர்காவில் முகாமிட்டது. ஊர்க்காரர்கள் சிலர் அதில் சேர்ந்து கொடுமை செய்தார்கள் என்ற குற்றச்சாட்டும் உண்டு. விசாரித்துத் தண்டித்திருக்க வேண்டியவர்கள் அந்தச் சிலர். 2011 ஆகஸ்டில் மிஸ்ரட்டா ஆயுதக் குழுக்கள் ஊர் முழுவதையும் விரட்டின. வீடுகளை எரித்து, திரும்பி வந்தாலும் வாழ முடியாதபடி இடித்தன. தப்பியவர்களை வேறு ஊர்களிலும் தேடிப் பிடித்துச் சித்திரவதை செய்தன. 2012 மார்ச்சில் ஐ.நா. விசாரணை ஆணையம் இதையெல்லாம் பதிவு செய்தது.

அதே மாதங்களில் வானத்தில் நேட்டோ விமானங்கள் இருந்தன. 1973ஆம் தீர்மானம் 'பொதுமக்கள்' என்றுதான் சொல்கிறது, கடாபியை எதிர்த்த பொதுமக்கள் என்று சொல்லவில்லை. ஆனால் தரையில் குண்டுவீச்சால் பலம் பெற்ற தரப்பே தவர்காவை எரித்தது. தலையீடு ஒரு தரப்புக்குத் துணைப்படையாக மாறிவிட்டால், அந்தத் தரப்பால் மிதிபடுகிறவர்களைக் காப்பாற்ற யாரும் மிஞ்சுவதில்லை. இறையாண்மையா, தலையீடா என்று இரண்டே கட்சியாக நின்று வாதிடுகிறவர்களுக்கு இந்த மூன்றாம் தரப்பு கண்ணில் படாது. நமக்குப் படும்.

2011 நவம்பரில் பிரேசில் ஒரு யோசனை வைத்தது: காக்கப் போகிறவர்களும் பொறுப்போடு நடக்க வேண்டும், அனுமதி எப்படிப் பயன்படுகிறது என்று பாதுகாப்பு அவை தொடர்ந்து கண்காணிக்க வேண்டும். மேற்கு நாடுகள் முகம் கொடுக்கவில்லை. பிரேசிலும் பிறகு பேச்சை விட்டுவிட்டது.

ஊர் திரும்ப ஒப்பந்தம் போட்டு, 2018 பிப்ரவரி 1 அன்று தவர்கா குடும்பங்கள் மூட்டை முடிச்சோடு கிளம்பின. ஆயுதக் குழுக்கள் வழிமறித்தன. அந்தக் குளிரில் பாலைவனத்தில் கூடாரம் அடித்துக் காத்திருந்தார்கள். பாதுகாப்பு அவை அதற்காகப் புதிய அனுமதி எதையும் தரவில்லை.